வடையும் கெப்ளரும்

போன வாரம் அக்கா பையன் நோட்டைத் தூக்கிட்டு வந்தான். "மாமா, வளையத்தோட கனஅளவு 134 வருது, சரியா?"

கணக்கு இதுதான். 2 செ.மீ. ஆரமுள்ள வட்டம். அதோட மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி ஒரு அச்சு. அந்த அச்சைச் சுத்தி வட்டத்தை முழுசா சுழற்றினா உளுந்து வடை மாதிரி ஒரு வளையம் கிடைக்கும்.

தொகையிடலைத் திரும்பப் போட்டுப் பார்க்காமலே "தப்பு"ன்னு சொன்னேன். எப்படின்னு சொல்லணும்னா 1613-க்குப் போகணும். அந்த வருஷம் கெப்ளருக்கு ரெண்டாவது கல்யாணம். ஒயின் விற்க வந்தவர் பீப்பாய்க்குள்ள ஒரு குச்சியை விட்டு, நனைஞ்ச நீளத்தை வெச்சே விலை சொல்லிட்டார். நம்ம ஆளுக்கு அது உறுத்திக்கிட்டே இருந்து, 1615-ல் திண்மங்களோட கனஅளவு பற்றி ஒரு புத்தகமே போட்டார். வளையமும் அதில் வருது.

அவர் செஞ்சது எளிமையானது. வளையத்தை அச்சு வழியா மெல்லிய வட்டத் துண்டுகளா வெட்டினார். ஒவ்வொரு துண்டும் வெளிப்பக்கம் தடிமனா, உள்பக்கம் மெலிசா இருக்கும். வெளியே இருக்கிற மிச்சம் உள்ளே இருக்கிற குறையை அப்படியே நிரப்பிடும். ஆக, சராசரித் தடிமன் வட்ட மையத்தில் இருக்கிற தடிமன்தான். துண்டுகளை அடுக்கினா நேரான உருளை. அதோட உயரம், மையம் சுற்றி வந்த தூரம்.

எந்த வடிவத்துக்கும் பொருந்துற விதி: பரப்பு × சென்ட்ராய்டு சுற்றிய தூரம். பாப்பஸ் பழங்காலத்திலேயே இதைச் சொல்லியிருந்தார். கெப்ளருக்குப் பிறகு குல்டின் புத்தகமாப் போட்டார். ஆனா அவரோட நிரூபணம் பலவீனம். 1647-ல் கவலியேரிதான் அதைச் சுட்டிக்காட்டி வேற வழியில் நிறுவினார்.

இப்ப சரிபார்ப்போம். பரப்பு 4π, தூரம் 10π. பெருக்கினா 40π², கிட்டத்தட்ட 394.8 க.செ.மீ. பையனோட 134 எங்கே, இது எங்கே!

நோட்டைப் பார்த்தா குட்டு வெளிப்பட்டது. y உயரத்தில் வெளி ஆரம் 5+√(4−y²), உள் ஆரம் 5−√(4−y²). ரெண்டையும் தனித்தனியா வர்க்கம் பண்ணிக் கழிக்கணும். அவன் முதலில் கழிச்சு, அப்புறம் வர்க்கம் பண்ணிட்டான். அதில் 5 காணாமலே போயிடுச்சு. அப்போ வளையம் எவ்வளவு பெருசானாலும் விடை மாறாது! சரியா செஞ்சா 20π√(4−y²). அதை −2-லிருந்து 2 வரை தொகையிட்டா அதே 40π².

ரெண்டு விஷயத்தில் உஷார். வட்டத்தோட வெளிப் பாதியை மட்டும் சுழற்றினா சென்ட்ராய்டு 5-ல் இருக்காது, கிட்டத்தட்ட 5.85-க்கு நகர்ந்திடும். இன்னொண்ணு, அச்சு வட்டத்தை வெட்டக் கூடாது. வெட்டினா நடுவில் ஓட்டையே இருக்காது. கெப்ளர் அந்த வடிவத்தை ஆப்பிள்னு சொன்னார். அதுக்கு இந்த விதியை நேரா போட்டா விடை தப்பும்.

பையன் அழிச்சிட்டுத் திரும்பப் போட்டான். "மாமா, 394.8!"