ஐந்து நிமிடப் படத்தில் பின்னோக்குக் காட்சி: குற்றாலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழ்க் குறும்படங்களில் பின்னோக்குக் காட்சி பெரும்பாலும் ஒரு விளக்கக் குறிப்பாகவே வருகிறது. ஒருவர் ஏன் அழுகிறார் என்று பார்வையாளர் கேட்பதற்குள், ‘பத்து வருடங்களுக்கு முன்’ என்ற எழுத்து திரையில் விழுந்துவிடும். பழைய காரணம் தெரிகிறது. நிகழ்காலக் காட்சி இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஐந்து நிமிடப் படத்தில் பின்னோக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை, நாம் ஏற்கெனவே பார்த்த காட்சியைத் தவறாகப் பார்த்தோம் என்று காட்டினால் போதும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்குத் தமிழில் பழைய முன்னோடி உண்டு. எஸ். பாலசந்தர் இயக்கி 1954இல் வெளிவந்த ‘அந்த நாள்’ படத்தில் ரேடியோ எஞ்சினியர் ராஜன் சுடப்பட்டு இறக்கிறான். விசாரணையில் ஒவ்வொருவர் சொல்லும் பின்னோக்கும் சந்தேகத்தை ஒருவர் மேலிருந்து இன்னொருவர் மேல் நகர்த்துகிறது. கடைசிப் பின்னோக்கின் வேலை வேறு. கொன்றது மனைவி உஷா என்பதோடு, இறந்தவன் நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் என்பதும் அதில் தெரிகிறது. உடனே, அதுவரை நாம் பார்த்த அவளுடைய துக்கத்தின் பொருளே மாறிவிடுகிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் சந்தேகத்தைச் சுற்றவிட இடமுண்டு. ஐந்து நிமிடத்தில் அந்தக் கடைசித் திருப்பத்துக்கு மட்டுமே இடம்.

குற்றாலம் பேரருவியில் நடப்பதாக ஒரு திரைக்கதையை எடுத்துக்கொள்வோம். சாரல் காலம். படியோரம் ஒரு பெரியவர், குளிக்கப் போகிறவர்களின் துணிமணிகளைக் காசு வாங்காமல் பார்த்துக்கொள்கிறார். ஒவ்வொரு சட்டையையும் பை உள்பக்கம் வருமாறு மடித்து வைப்பது அவர் வழக்கம். குளித்துவிட்டு வந்த ஓர் இளைஞன் அவர் முன்னாலேயே சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணுகிறான். பெரியவர், “நல்லா எண்ணிப் பாத்துக்கிடுங்க தம்பி” என்கிறார். மனம் நொந்தவரின் குத்தலாக அது நம் காதில் விழுகிறது. இளைஞன் கூசி, பத்து ரூபாய் நீட்டுகிறான். அவர் வாங்க மறுக்கிறார்.

இங்கே வெட்டு. அதே படி, பல ஆண்டுகளுக்கு முன். ஒரு வாலிபனிடம் யாரோ துணியை ஒப்படைத்துவிட்டு அருவிக்குள் போகிறார். அவன் சட்டையை மடிக்கிறான், பை கனக்கிறது. பையை உள்பக்கமாக மடித்து, சட்டையைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு கூட்டத்தில் நடக்கிறான். அவ்வளவுதான். அந்த மடிப்பு இங்கே இரண்டு வேலை செய்கிறது. முகம் ஒத்துப்போகாத இரண்டு நடிகர்கள் ஒரே ஆள் என்று சொல்வது ஒன்று. கவனமாக மடிக்கிறார் என்று நாம் நினைத்த பழக்கம் திருட்டிலிருந்து வந்தது என்று காட்டுவது மற்றொன்று. கன்னத்துத் தழும்பை வைத்து ஆளை அடையாளம் காட்டும் படங்களில் முதல் வேலை மட்டுமே நடக்கிறது.

நிகழ்காலத்துக்குத் திரும்பும்போது பெரியவர் அதே வசனத்தை மறுபடி சொல்கிறார்: “நல்லா எண்ணிப் பாத்துக்கிடுங்க தம்பி.” இப்போது அது குத்தல் இல்லை, மன்றாட்டு. இளைஞன் சந்தேகப்பட்டது முறைதான் என்று அவர் ஒப்புக்கொள்வதைப் பார்வையாளர் மட்டுமே கேட்கிறார். ஆகவே நேரத்தை இப்படிப் பிரிப்பேன்: முதல் நிகழ்காலத்துக்கு 2 நிமிடம், பின்னோக்குக்கு 50 விநாடி, மீதி முழுவதும் திரும்பி வந்த காட்சிக்கு. பலர் கடந்தகாலத்துக்கே பாதிப் படத்தைக் கொடுத்துவிட்டு, திரும்பியதும் பத்து விநாடியில் முடித்துவிடுகிறார்கள். மாறிய பொருளை நடிகரின் முகத்தில் பார்க்க அவகாசம் இருப்பதில்லை.

இடம் சார்ந்த சிக்கல்களும் உண்டு. பேரருவியின் இரைச்சலில் நேரடி ஒலிப்பதிவில் வசனம் மூழ்கிவிடும். இதுவோ ஒரே வசனத்தின் தொனியை நம்பி நிற்கும் படம். வசனத்தைத் தனியே பதிந்து சேர்ப்பதே வழி. நீர்வரத்தும் நிலையாக இருக்காது. காலையில் நூலாக விழும் தண்ணீர், மலையில் மழை பெய்தால் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டும். காவல்துறை குளிக்கத் தடை போட்டுவிடும். நிகழ்காலத்தின் இரு பகுதிகளையும் ஒரே மூச்சில் எடுத்துவிட வேண்டும். அருவியின் பருமன் மாறியிருந்தால், திரும்பி வந்தது அதே கணத்துக்குத்தான் என்பதைப் பார்வையாளர் நம்பமாட்டார். கடந்தகாலத்தை வேறொரு நாளில், வேறு நீர்வரத்தில் எடுப்பது நல்லது. அப்போது பழுப்பு நிறம் பூசாமலே காலம் மாறியது தெரியும்.

அமைப்பு வேலை செய்கிறதா என்று படத்தொகுப்பு மேசையிலேயே சோதிக்கலாம். பின்னோக்கை நீக்கிவிட்டு, கதை தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். பெரியவரின் இரண்டாவது வசனத்தையும் அவர் கோபமாகவே எடுத்துக்கொண்டால் அமைப்பு சரி. பின்னோக்கு இல்லாமலே அதில் குற்ற உணர்வு தெரிந்துவிட்டால், நடிப்பு முந்திக்கொண்டது என்று பொருள்.

பெரியவர் இளைஞனிடம் வாய்விட்டு உண்மையைச் சொல்வதாக ஒரு காட்சி எழுத எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். எழுதியிருந்தால் வெட்டிவிடுங்கள். அது இருந்தால் 50 விநாடிப் பின்னோக்குக்கே தேவை இல்லை.