சொந்தமா பார்லர் திறக்கப் போறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் போடுங்க

ஐடிஐ-யில் ஓராண்டு காஸ்மெட்டாலஜி படித்து, சில வருடங்கள் ஒரு சலூனில் வேலையும் பார்த்துவிட்டீர்கள். சொந்தக் கடை எப்போது திறக்கலாம்?

எத்தனை ரெகுலர் வாடிக்கையாளர்கள் தேவை?

ஓர் உதாரணம் பார்ப்போம். வாடகை 15,000, உதவியாளருக்கு 12,000, மின்சாரம் உள்ளிட்டவை 5,000, உங்கள் சம்பளம் 20,000. மாதச் செலவு 52,000 ரூபாய். சராசரி பில் 500 ரூபாய் என்றால், பொருட்களுக்கு 100 போக 400 நிற்கும். அப்படியென்றால் மாதம் 130 வருகைகள் வேண்டும். ஒருவர் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை வந்தால், 195 ரெகுலர்கள் தேவை.

பலர் தங்கள் சம்பளத்தை இதில் சேர்ப்பதில்லை. அப்போது 120 பேரே போதும் என்று தோன்றும். கடை ஓடும், உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது.

வந்தவரைத் தக்கவைப்பது எப்படி?

ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ஹேர் கலர் ஷேட் எண், டெவலப்பர் அளவு, அலர்ஜி, வந்த தேதி எல்லாம் எழுதி வையுங்கள். புது கலருக்கு 48 மணி நேரம் முன்பே பேட்ச் டெஸ்ட் செய்யுங்கள். மூன்று மாதமாக வராதவரை ரெகுலர் கணக்கில் சேர்க்காதீங்க. மீதிப் பெயர்கள்தான் உங்கள் உண்மையான எண்ணிக்கை.