வேகம் தந்த கணக்கும் வேகம் தராத குழாயும்

என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் பழைய பதிப்பில் ஒரு விவசாயி வருகிறார். வாய்க்காலிலிருந்து 20 செ.மீ. உள்விட்டமுள்ள குழாய் போட்டு, 10 மீ. விட்டமும் 2 மீ. ஆழமும் உள்ள உருளைத் தொட்டிக்குத் தண்ணீர் விடுகிறார். குழாயில் வேகம் மணிக்கு 3 கி.மீ. ஒரு மணி நேரத்தில் வரும் தண்ணீர் 3,000 மீ. நீளமுள்ள ஒல்லியான உருளை. அதன் கொள்ளளவு 30π கன மீட்டர். தொட்டிக்கோ 50π வேண்டும். π அடிபட்டுப்போய் விடை 100 நிமிடம். அழகான கணக்குதான்.

இதைத் திண்டுக்கல்லில் ஒரு வீட்டு வாசலில் போட்டுப் பார்ப்போம். ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீரும் காவிரித் தண்ணீரும் முறை வைத்து வரும் ஊர் இது. தொட்டி நிறையுமுன் தண்ணீர் நின்றுவிடுமா என்பதே இங்கே கேள்வி. தரையில் 1,000 லிட்டர் தொட்டி: விட்டம் 110 செ.மீ., உயரம் 105 செ.மீ. கொள்ளளவு புத்தக வழியிலேயே கிடைத்துவிடும். குழாயில்தான் சிக்கல்.

கடையில் 20 மி.மீ. என்று தரும் பி.வி.சி. குழாயில் அந்த அளவு வெளிவிட்டம். சுவர் 2 மி.மீ. என்றால் தண்ணீர் போகும் வழி 16 மி.மீ.தான். 20 என்றே வைத்துக் கணக்குப் போட்டால், வரும் தண்ணீரை ஒன்றரை மடங்குக்கும் மேலாக எண்ணிவிடுவோம். விட்டத்தின் வர்க்கமல்லவா கணக்கில் வருகிறது! புத்தகம் ‘உள்விட்டம்’ என்று கவனமாகச் சொன்னது இதற்குத்தான்.

அடுத்தது வேகம். புத்தகம் அதைக் கையில் தருகிறது. வாசல் குழாயின் வேகத்தை யார் சொல்வார்கள்? அதனால் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். 15 லிட்டர் வாளி 2 நிமிடத்தில் நிறைந்தால் நிமிடத்துக்கு 7.5 லிட்டர். விட்டமும் வேண்டாம், π-யும் வேண்டாம்: தொட்டிக்கு 133 நிமிடம்.

ஆனால் அந்த வேகம் கடைசிவரை நிற்காது. அக்கம்பக்கத்தில் குழாய்களைத் திறந்ததும் அழுத்தம் இறங்கும். பாதித் தொட்டி நிறைந்தபின் அதே வாளிக்கு 3 நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 5 லிட்டர்; மீதி 500 லிட்டருக்கு 100 நிமிடம். முதல் பாதியின் 67 நிமிடத்தைச் சேர்த்தால் 167. இரண்டு வேகங்களுக்கும் சராசரி எடுத்து 6.25 என்று வகுத்தவருக்கு 160தான் வரும். மெதுவான தண்ணீர் கூடுதல் நேரம் ஓடியதை அந்தச் சராசரி விட்டுவிடுகிறது.

மிதவை வால்வு இருந்தால், நிறையப்போகும் நேரத்தில் அது மெல்ல மூடிக்கொள்வதால் இன்னும் சில நிமிடம் இழுக்கும்.

புத்தக முறையில் பிழையில்லை. மாறாத வேகம் என்ற நிபந்தனைதான் வாசல் குழாய்க்குப் பொருந்தவில்லை. ஆகவே வாளியைத் தொடக்கத்தில் ஒருமுறை, பாதியில் ஒருமுறை வைத்துப் பாருங்கள்.