மின்மாற்றி உள்ளகத்தின் இரண்டு படிகள்: வெட்டுமுகமும் மூட்டும்

மின்மாற்றித் தொழிற்சாலைகளில் 'ஸ்டெப்' என்ற சொல் இரண்டு இடங்களில் புழங்குகிறது. உள்ளகக் காலின் வெட்டுமுகத்தில் தகடுகள் வெவ்வேறு அகலங்களில் அடுக்கப்பட்டு, சதுரத்திலிருந்து வட்டத்தை நோக்கி நகர்வது ஒரு படி. காலும் நுகமும் சந்திக்கும் மூலையில் தகடுகளின் முனைகள் ஒன்றுக்கொன்று சில மில்லிமீட்டர் தள்ளித் தள்ளி முடிவது இன்னொரு படி. சுமையில்லா இழப்பையும் இரைச்சலையும் குறைப்பவை என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் முதலாவது, இழப்பைப் பெரும்பாலும் சுற்றி வளைத்துத்தான் குறைக்கிறது, இரண்டாவது நேரடியாக. அந்த நேரடிப் பயனுக்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தீர்மானிப்பது படிகளின் எண்ணிக்கை மட்டுமல்ல, உள்ளகம் எந்தக் காந்தப்பாய அடர்த்தியில் இயங்குகிறது என்பதும்தான்.

முதலில் வெட்டுமுகம். சுருள் வட்டமாக இருப்பதே கம்பிக்கும் குறுக்குச்சுற்று விசைகளைத் தாங்குவதற்கும் நல்லது. அந்த வட்டத்துக்குள் சதுர உள்ளகம் பரப்பில் 63.7 விழுக்காட்டை மட்டுமே நிரப்பும். இரண்டு அகலங்களில் தகடு வெட்டிச் சிலுவை வடிவம் ஆக்கினால் 78.7, ஏழு அகலங்களுக்குப் போனால் ஏறத்தாழ 93.4. அதற்கு மேல் ஒவ்வொரு படியும் தருவது சொற்பம். வெட்ட வேண்டிய அகலங்களின் பட்டியல்தான் நீள்கிறது.

இது வாட்டாக எப்படி மாறுகிறது? 1000 கிலோவோல்ட்-ஆம்பியர் விநியோக மின்மாற்றி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தாழ் அழுத்தம் விண்மீன் இணைப்பில் 400 வோல்ட், ஒரு காலுக்கு 16 சுற்றுகள், 50 ஹெர்ட்ஸ், பாய அடர்த்தி 1.7 டெஸ்லா. சுற்றுக்கு 14.4 வோல்ட் கிடைக்க 382 சதுர சென்டிமீட்டர் இரும்பு வேண்டும். தகடுகளுக்கு இடையிலான பூச்சுக்கு நான்கு விழுக்காடு ஒதுக்கினால், சிலுவை உள்ளகத்துக்கு 254 மில்லிமீட்டர் வட்டமும் ஏழு படி உள்ளகத்துக்கு 233 மில்லிமீட்டர் வட்டமும் தேவை. இரும்பின் பரப்பு இரண்டிலும் ஒன்றே. ஆகவே ஒரு கிலோ இரும்பின் இழப்பிலும் மாற்றமில்லை. ஆனால் வட்டம் 21 மில்லிமீட்டர் சுருங்கியதால் சுருள்கள் சிறுக்கின்றன, கால்களின் மையங்கள் நெருங்குகின்றன, மேல் கீழ் நுகங்கள் இரண்டும் சேர்ந்து 84 மில்லிமீட்டர் குறைகின்றன. இது ஏறத்தாழ 25 கிலோ இரும்பு. நல்ல ரகத் தகட்டில் கிலோவுக்கு 0.9 வாட் என்று வைத்தால் 22 வாட் மிச்சம். இந்தத் திறனுள்ள எண்ணெய் மின்மாற்றிக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் 770 வாட் என்று வைத்த சுமையில்லா இழப்பு வரம்பை 2021 ஜூலையில் 693 வாட்டாக இறக்கியது. அந்த 77 வாட் இடைவெளியில் 22 வாட் சிறிய தொகையல்ல. வட்டத்தைச் சுருக்காமல், கூடுதலாகக் கிடைக்கும் இடத்தில் இரும்பை நிரப்பிப் பாய அடர்த்தியை இறக்குவதும் ஒரு வழிதான். அப்போது ஒவ்வொரு கிலோவின் இழப்பும் குறையும், இரும்பின் விலை ஏறும்.

மூட்டின் கதை வேறு. திசைப்படுத்திய சிலிக்கான் எஃகு, உருட்டிய திசையில் மட்டுமே காந்தப்பாயத்தை எளிதாகக் கடத்தும். அதனால்தான் மூலையில் தகடுகளை 45 பாகையில் சாய்த்து வெட்டுகிறார்கள். வெட்டிய இரு முனைகளுக்கு நடுவே எவ்வளவு நெருக்கினாலும் ஒரு மெல்லிய இடைவெளி மிஞ்சும். அந்த இடத்துக்கு வந்த பாயம் இடைவெளியைத் தாண்டுவதைவிட, மேலும் கீழும் உள்ள முழுத் தகடுகளுக்கு ஏறிக் கடக்கவே முயலும்.

பழைய முறையில் மூட்டின் இடம் இரண்டே நிலைகளில் மாறி மாறி வரும். எனவே எந்த இடைவெளிக்கும் பக்கத்தில், அதை ஈடுகட்ட ஒரே ஒரு முழுத் தகடுதான் உண்டு. சாய்வை ஒதுக்கிவிட்டு எளிய கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். இரு தகடுகள் சேர்ந்து கடத்த வேண்டியது 1.7இன் இரு மடங்கு, அதாவது 3.4. எஃகு 2.03 டெஸ்லாவில் தெவிட்டிவிடும். மீதி 1.37, இடைவெளியிலும் தெவிட்டிய எஃகிலும் காற்றில் பாய்வதுபோலச் சம பாதியாகப் பகிர்ந்து ஓடும். இடைவெளியில் 0.69 டெஸ்லா, பக்கத்துத் தகட்டில் 2.7 டெஸ்லா. இந்த நிலையில் அரை மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட 270 ஆம்பியர்-சுற்றுகள் வேண்டும்.

அதே மூட்டை ஆறு படிகளாகத் தள்ளி அடுக்கினால் ஒவ்வொரு இடைவெளிக்கும் ஐந்து முழுத் தகடுகள் துணை நிற்கும். கடத்த வேண்டியது 10.2, ஐந்து தகடுகள் தெவிட்டாமலே 10.15 வரை தாங்கும். இடைவெளியில் மிஞ்சுவது 0.01 டெஸ்லாவுக்கும் குறைவு, தேவைப்படுவது மூன்று நான்கு ஆம்பியர்-சுற்றுகள். சுமையில்லா மின்னோட்டம் இழப்பைவிடப் பன்மடங்கு அதிகமாகக் குறைவது இதனால்தான். இழப்பு சில விழுக்காடு மட்டுமே இறங்குகிறது. மூலைகள் உள்ளகத்தின் எடையில் சிறு பங்கு. தகட்டுக்குத் தகடு பாயம் ஏறி இறங்கும்போது பரப்பில் எழும் சுழல் மின்னோட்டமும் முற்றிலும் ஒழிவதில்லை.

இரைச்சலில் பயன் இன்னும் தெளிவு. மின்மாற்றியின் முனகலுக்கு அடிப்படை, காந்தமாகும்போது எஃகு மிக நுண்ணிய அளவில் நீள்வதும் சுருங்குவதும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இது 100 ஹெர்ட்ஸ் ஒலி. அதன் மேல் மூட்டுகளில் காந்த ஈர்ப்பு சேர்கிறது. அதன் அழுத்தம் பாய அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது: 0.69 டெஸ்லாவில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,87,000 நியூட்டன், ஆறு படி மூட்டில் முப்பதுக்கும் கீழே. பாயம் உச்சத்தைத் தொடும்போது மட்டும் மூட்டு தெவிட்டுவதால் விசையின் வடிவம் கூர்மையாகி 200, 300, 400 ஹெர்ட்ஸ் சுரங்கள் பிறக்கின்றன. ஒலியளவியில் மனிதச் செவிக்கேற்ப வைக்கும் ஏ-எடை, 100 ஹெர்ட்ஸிலிருந்து 19 டெசிபெலைக் கழிக்கிறது. 400 ஹெர்ட்ஸிலிருந்து ஐந்தை மட்டுமே. கூர்மையை மழுக்கினால் அளவி காட்டும் எண் இறங்குவது அதனால்தான்.

எல்லையும் இதே கணக்கில் இருக்கிறது. படிகள் N என்றால், இடைவெளி ஓய்ந்திருக்கும் அதிகபட்ச அடர்த்தி 2.03 × (N−1)/N. ஐந்து படிக்கு 1.62 டெஸ்லா, ஆறுக்கு 1.69, ஏழுக்கு 1.74. ஐந்து படி மூட்டை 1.7இல் ஓட்டுகிறவர் பலனில் ஒரு பகுதியை ஏற்கனவே கைவிட்டவர். மின்னழுத்தம் பத்து விழுக்காடு ஏறினால் 1.7, 1.87 ஆகும், அப்போது ஆறு படி மூட்டின் இடைவெளியிலும் 0.18 டெஸ்லா வந்துவிடும், ஈர்ப்பழுத்தம் நானூறு மடங்குக்கு மேல் உயரும். ஒப்பந்தப்புள்ளிக் குறிப்புகளில் 'ஸ்டெப் லேப் உள்ளகம்' என்று மட்டும் எழுதிவிட்டுப் பாய அடர்த்தியை எழுதாமல் விடுவது இதனால் அரைகுறைக் கோரிக்கை.

தளத்தில் இந்தக் கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் மேல் நுகம். சுருளைக் கால்களில் இறக்க அதைக் கழற்றி, பின்னர் தகடு தகடாகச் செருக வேண்டும். வரிசை ஓரிடத்தில் பிசகினாலோ, வெட்டுப் பிசிறு முனைகளை நெருங்கவிடாமல் தடுத்தாலோ, படிமூட்டு அந்த இடத்தில் பழைய மூட்டைப் போலவே நடந்துகொள்ளும். சுமையில்லா இழப்பு வரம்புக்குள் நின்று, மின்னோட்டம் மட்டும் அதே வடிவமைப்பின் மற்ற அலகுகளைவிட எகிறியிருந்தால், சோதனை மேசையில் முதலில் சந்தேகிக்க வேண்டியது மேல் மூட்டைத்தான். நடுக்கால் நுகத்தைச் சந்திக்கும் 'டி' மூட்டை இந்த வரிசையில் சேர்க்க முடியாது. மூன்று கட்டங்களின் பாயம் அங்கே ஒரே சுழற்சியில் திசை மாறிச் சுழல்கிறது, உருட்டிய திசைக்குக் குறுக்காகவும் ஓடுகிறது. படிகளை எத்தனை கூட்டினாலும் அந்தச் சுழல் இழப்பு அப்படியே இருக்கும்.