படிக்கட்டில் புகை, ஜன்னலில் நீங்கள்: தீயணைப்பு ஏணி எதுவரை எட்டும்?

2023 ஜூன் 15. டெல்லி முகர்ஜி நகரில் போட்டித் தேர்வுப் பயிற்சி மையங்கள் இயங்கிய ஒரு கட்டடத்தில் தீப்பிடித்தது. மின் மீட்டர் பலகையில் தொடங்கியதாகச் சொல்லப்பட்ட அந்தத் தீயை விட, படிக்கட்டு வழியாக மேலே ஏறிய புகைதான் மாணவர்களை ஜன்னலுக்குத் துரத்தியது. கயிறையும் கேபிளையும் பிடித்து அவர்கள் இறங்கிய வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பலருக்குக் காயம், ஆனால் உயிரிழப்பு இல்லை. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் சூரத்தில் அப்படி முடியவில்லை. தக்ஷசிலா வணிக வளாகத்தில் மேல்தளத்தில் சிக்கி, குதித்தவர்கள் உட்பட 22 பேர் இறந்தார்கள்.

'ஏணி வந்துடும்ல?' என்றுதான் நாம் எல்லோரும் நினைப்போம். வரும். ஆனால் உங்கள் ஜன்னலை அது எட்டுமா என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும்.

மூணாவது மாடி வரை ஓகே, அதுவும் சில நேரம்தான்

சாதாரணத் தீயணைப்பு வண்டியின் மேல் அலுமினிய எக்ஸ்டென்ஷன் ஏணி ஒன்று படுத்திருப்பதைப் பார்க்கலாம். இந்தியத் தீயணைப்புத் துறைகளில் பரவலாக உள்ள அளவு 10.5 மீட்டர், அதாவது சுமார் 35 அடி. அதைச் சுவரில் செங்குத்தாக நிறுத்த முடியாது, சாய்த்துத்தான் வைக்க வேண்டும். நான்கு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு தூரம் சுவரிலிருந்து தள்ளி அடி நிற்க வேண்டும் என்பது விதி. கோணமாகச் சொன்னால் சுமார் 75 டிகிரி. அப்படிச் சாய்த்தால் 10.5 மீட்டர் ஏணியின் நுனி சுமார் 10.1 மீட்டர் உயரத்தில்தான் தொடும்.

இப்போ உங்கள் பிஜி கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு தளத்துக்கு 3 மீட்டர், ஜன்னலின் அடி விளிம்பு தரையிலிருந்து 90 செ.மீ. என்று வைத்தால், மூன்றாவது மாடி ஜன்னல் விளிம்பு 9.9 மீட்டரில் வரும். ஏணி மயிரிழையில் எட்டிவிடும். அதே கட்டடத்தில் தரைத்தளம் கடைக்காக 4 மீட்டர் உயரமாகக் கட்டப்பட்டிருந்தால் விளிம்பு 10.9 மீட்டர். எட்டாது.

கொஞ்சம் நிமிர்த்தி வைத்தால் எட்டாதா? சில சென்டிமீட்டர் கிடைக்கும், ஆனால் ஆபத்து கூடும். அடி சுவருக்கு மிக அருகில் இருந்தால், ஜன்னலிலிருந்து ஒருவர் ஏறி உடலைப் பின்னால் சாய்க்கும்போது ஏணி அவரோடு பின்பக்கமாகக் கவிழலாம். அடி ரொம்பத் தள்ளி இருந்தால், நடுவில் வளைந்து அடி வழுக்கும். வீரர்கள் இதை டேப் வைத்து அளப்பதில்லை. ஏணியின் அடியில் கால்விரல்கள் படும்படி நேராக நின்று, கைகளைத் தோள் உயரத்தில் முன்னால் நீட்டுவார்கள். உள்ளங்கை ஏணிப்படியில் சரியாகப் பட்டால் கோணம் சரி.

நுனி எங்கே தொட வேண்டும்?

ஆளை இறக்குவதற்காக என்றால், நுனி ஜன்னல் விளிம்பின் மட்டத்தில் அல்லது அதற்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். கீழே நின்று பார்க்கிறவர்களுக்கு 'இன்னும் கொஞ்சம் மேலே ஏத்துங்க!' என்று கத்தத் தோன்றும். ஏற்றினால் ஏணியே ஜன்னலின் பாதியை அடைத்துக்கொள்ளும். பதற்றத்தில் இருப்பவர் அதைத் தாண்டிக் காலை வெளியே வைக்க முடியாது. மொட்டை மாடிக்கு வைக்கும்போது மட்டும் கதை வேறு. அங்கே கைப்பிடிச் சுவருக்கு மேல் சில படிகள் நீட்டிக்கொண்டிருந்தால்தான் பிடித்து இறங்க முடியும்.

நம் ஊர்க் கட்டடங்கள் இதைச் சுலபமாக விடுவதில்லை. கீழ்த்தள ஜன்னலின் சன்ஷேட், ஏசி பெட்டி, விளம்பரப் பலகை எல்லாம் ஏணியைச் சுவரிலிருந்து தள்ளி வைக்கும். மின்கம்பிகள் இன்னும் மோசம். அலுமினிய ஏணி கம்பியில் பட்டால் அதைப் பிடித்திருக்கும் அத்தனை பேருக்கும் ஷாக். பெருநகரங்களில் இருக்கும் ராட்சத ஏணி வண்டிகளும் மந்திரம் இல்லை. பக்கவாட்டுக் கால்களை விரித்து ஊன்ற அவற்றுக்குக் கெட்டியான, சமமான தரை வேண்டும். உயரமான கட்டடங்களின் வளாகத்துக்குள் நுழைய 6 மீட்டர் அகலமும் 4.5 மீட்டர் உயரமும் உள்ள வழி வேண்டும் என்று 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்வது இதனால்தான். பைக் வரிசையாக நிற்கும் பயிற்சி மையத் தெருவில் அந்த வண்டி முனையிலேயே நின்றுவிடும்.

ஏணி தெரிந்ததும் தாவாதீர்கள்

ஏணி ஜன்னலைத் தொட்ட நொடியில் நாலு பேர் அதைப் பிடித்து இழுத்தால் நுனி பக்கவாட்டில் சறுக்கும். வீரர் ஒருவர் ஏறி வந்து சொல்லும்வரை கையை வைக்காதீர்கள். முகம் ஏணியைப் பார்க்க, காலை முதலில் வெளியே விட்டு இறங்க வேண்டும். அவர் உங்களுக்குக் கீழே ஓரிரு படி தள்ளி, இரண்டு கைகளும் உங்கள் இருபக்கமும் ஏணியைப் பிடித்தபடி கூடவே இறங்குவார். கால் நழுவினால் அவர் உடல்தான் உங்களைத் தாங்கும். ஒவ்வொருவராகத்தான் இறக்க முடியும் என்பதால் வரிசை மெதுவாகவே நகரும். இருநூறு பேர் இருக்கும் தளத்துக்கு ஏணி ஒரு சந்து மாதிரிதான். அதனால்தான் வீரர்களில் ஒரு குழு மூச்சுக் கருவியுடன் உள்ளே போய்ப் படிக்கட்டை மீட்கப் பார்க்கும்.

கயிறு பற்றி

பயிற்சி பெற்றவர்களின் கயிறு இறக்கம், முகர்ஜி நகரில் பார்த்தது அல்ல. அவர்கள் 'சேர் நாட்' என்ற முடிச்சில் இரண்டு வளையம் போடுவார்கள். ஒன்று அக்குளுக்குக் கீழே, மற்றது முழங்காலுக்குப் பின்னால். ஆள் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி தொங்குவார். மேலே கயிறைத் தூண் போன்ற ஒன்றில் சுற்றி, உரசலை வைத்தே மெதுவாக விடுவார்கள். சுவரில் மோதாமல் இருக்கக் கீழே ஒருவர் இன்னொரு கயிறால் அவரை வெளிப்பக்கம் இழுத்துப் பிடிப்பார். கைப்பிடிச் சுவரின் கூரான விளிம்பில் கயிறு அறுபடாமல் இருக்கச் சாக்கு அல்லது மடித்த ஹோஸ் வைப்பார்கள்.

வெறும் கையால் இறங்கும்போது இதில் எதுவுமே இல்லை. முழு எடையும் விரல்களில். கேபிள் வழவழப்பானது. ஒருமுறை வழுக்க ஆரம்பித்தால் உள்ளங்கைத் தோல் உரசலில் எரியும், கை தானாக விட்டுவிடும். காயங்கள் அப்படித்தான் வருகின்றன.

எனவே புகை படிக்கட்டில் இருந்தால் முதலில் அறைக் கதவைச் சாத்துங்கள். கீழ் இடுக்கை ஈரத்துணியால் அடையுங்கள். கதவு மூடியிருக்கும் அறை உங்களுக்கு நேரம் வாங்கித் தரும். பிறகு 101 அல்லது 112-க்கு அழைத்து, 'மூணாவது மாடி' என்பதோடு நிறுத்தாமல் தரைத்தளத்தைச் சேர்க்காமல் எண்ணியதா, ஜன்னல் தெருப் பக்கமா பின்பக்கமா, எத்தனை பேர் என்றும் சொல்லுங்கள். ஏணியை எந்தச் சுவரில் வைப்பது என்பதை அந்தப் பதில்தான் தீர்மானிக்கும்.

அறைக்குள்ளேயே தீ வந்து வேறு வழியே இல்லை என்றால், முதல் மாடியில் மட்டும் ஒரு கணக்கு உதவும். விளிம்பைப் பிடித்து முழு நீளத்துக்குத் தொங்கினால், சுமார் 4 மீட்டர் விழ வேண்டியது 2 மீட்டராகக் குறையும். அதற்கு மேலுள்ள தளங்களில் இது கைகொடுக்காது.

இத்தனையும் உங்கள் ஜன்னல் திறந்தால்தான். வீட்டிலும் பிஜியிலும் இருக்கும் கிரில்லில் திறக்கும் பகுதி இருக்கிறதா, அதன் பூட்டுச் சாவி அந்த அறையிலேயே இருக்கிறதா, இல்லை ஓனர் வீட்டில் இருக்கிறதா என்று இன்று இரவு பாருங்கள்.