தப்பு நடந்தது, பெயர் மட்டும் இல்லை: மருத்துவமனைகளின் 'எம் அண்ட் எம்' குறிப்பு எப்படி எழுதப்படுகிறது?

சிகிச்சையில் இருந்தவர் எதிர்பாராமல் இறந்தாலோ, அவர் நிலைமை திடீரென மோசமானாலோ, பல மருத்துவமனைகளில் டாக்டர்களும் நர்ஸ்களும் உட்கார்ந்து அந்த கேஸை அலசுவார்கள். இதுதான் மார்பிடிட்டி அண்ட் மார்ட்டாலிட்டி மீட்டிங், சுருக்கமாக 'எம் அண்ட் எம்'. கூட்டம் முடிந்ததும் கற்ற பாடங்களை ஒரு குறிப்பாக எழுதுவார்கள். அதில் ஊழியர்களின் பெயர் இருக்காது. 'அப்போ தப்பு செஞ்சவரை மறைக்கிறாங்களா?' என்று நீங்கள் கேட்கலாம்.

ஒரு கற்பனை கேஸ்

ஒருவருக்கு வயிற்றில் ஆபரேஷன். முடிந்து 4 மணி நேரத்தில் நாடித்துடிப்பு 96, ரத்த அழுத்தம் 110/70. எட்டாவது மணி நேரத்தில் நாடி 124, அழுத்தம் 90/60. உள்ளே ரத்தம் கசியும்போது இப்படி மாறலாம். ஆனால் டாக்டர் வந்து பார்த்தது 11-வது மணி நேரத்தில். மறுபடி ஆபரேஷன் செய்து உயிரைக் காப்பாற்றினார்கள்.

'நைட் டியூட்டி நர்ஸ் தகவல் சொல்லவில்லை. இனி கவனமாக இருக்க வேண்டும்' என்று எழுதினால் பெயர் இல்லைதான். ஆனால் தேதியும் வார்டு எண்ணும் கூடவே இருந்தால் அது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால்தான் தேதியை விட்டுவிட்டு, 'ஆபரேஷன் முடிந்து 8-வது மணி நேரம்' என்று எழுதுவார்கள்.

அதைவிட முக்கியம், 'ஏன்' என்ற கேள்வி. எந்த அளவைத் தாண்டினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று சார்ட்டில் இல்லை. கூப்பிட்டபோது டியூட்டி டாக்டர் இன்னொரு ஆபரேஷனில் இருந்தார். அடுத்து யாருக்கு போன் செய்வது என்றும் எங்கும் எழுதவில்லை. அந்த நர்ஸை மாற்றினாலும் இந்த இரண்டு ஓட்டைகளும் அப்படியே இருக்கும்.

நல்ல குறிப்பில் என்ன இருக்கும்?

'நாடி 120-ஐத் தாண்டினாலோ, மேல் அழுத்தம் 100-க்குக் கீழே போனாலோ உடனே அழைக்கவும். 10 நிமிடத்தில் பதில் இல்லையென்றால் சீனியர் டாக்டரை அழைக்கவும். இதை சார்ட்டில் அச்சிடுவது வார்டு பொறுப்பாளர் வேலை. ஒரு மாதம் கழித்து 20 சார்ட்டுகளைச் சரிபார்க்க வேண்டும்.' நடந்ததற்குப் பெயர் இல்லை; இனி செய்ய வேண்டியதற்குப் பொறுப்பாளர் உண்டு. 'கவனம் தேவை' என்று மட்டும் முடிகிற குறிப்பை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது.

அப்போ பொறுப்பு?

போதையில் வேலைக்கு வருவது, ரெக்கார்டைத் திருத்துவது போன்றவை இந்தக் கூட்டத்தில் முடிகிற விஷயங்கள் இல்லை. அவற்றுக்குத் தனி விசாரணை வேண்டும். நோயாளியின் மருத்துவ ஆவணமும் வேறு. அதில் சிகிச்சை தந்தவர்களின் கையெழுத்து இருக்கும். நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால், 2002-ம் ஆண்டின் இந்திய மருத்துவ கவுன்சில் விதிகளின்படி அந்த ஆவணத்தை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். 'எம் அண்ட் எம்' குறிப்பு அதற்கு மாற்று இல்லை.