பெல் நிறுவனத்தின் பங்குதாரர் பட்டியலும் 2014 மார்ச் விற்பனையும்

திருச்சி காந்தி மார்க்கெட்டிலிருந்து தஞ்சாவூர்ச் சாலையில் கிழக்கே சென்றால் திருவெறும்பூர் வரும். அங்குள்ள கொதிகலன் தொழிற்சாலையை நடத்தும் பாரத மிகுமின் நிறுவனம் (பெல்), பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட அரசுத்துறை நிறுவனமாகும். பட்டியலிடப்பட்ட எல்லா நிறுவனங்களையும் போல இதுவும் தன் பங்குகள் யாரிடம் உள்ளன என்பதை ஒவ்வொரு காலாண்டும் வெளியிடுகிறது.

பட்டியலின் முதற்பகுதி புரமோட்டர்களுக்கு உரியது. பெல் பட்டியலில் அங்கே "இந்தியக் குடியரசுத் தலைவர்" என்றிருக்கும். நடுவண் அரசின் பங்குகள் அவர் பெயரில் வைக்கப்படுகின்றன என்பதே இதன் பொருள். மற்ற அனைவரும் "பொதுமக்கள்" என்ற தலைப்பில் வருகின்றனர். பெயர் அப்படி இருந்தாலும், பெரிய நிதி நிறுவனங்களும் அதற்குள்தான் அடங்கும். பரஸ்பர நிதிகள், காப்பீட்டு நிறுவனங்கள், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் ஆகியோருக்கு அங்கே தனித்தனி வரிசைகள் உண்டு. இப்போதைய படிவத்தில் உள்நாட்டு நிறுவனங்களும் வெளிநாட்டு நிறுவனங்களும் தனித் தலைப்புகளில் உள்ளன. முன்பு எல்லாம் "நிறுவனங்கள்" என்ற ஒரே தலைப்பில் இருந்ததால், கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தவர்கள் எளிதில் ஏமாந்தனர்.

2014 மார்ச்சில் நடந்தது இதற்கு நல்ல சான்று. அரசு தன்னிடமிருந்த பெல் பங்குகளில் 4.66 விழுக்காட்டை ஏறத்தாழ 1,890 கோடி ரூபாய்க்கு விற்றது. புரமோட்டர் பங்கு 67.72 விழுக்காட்டிலிருந்து 63.06 ஆகக் குறைந்தது. பொதுமக்கள் பங்கு அதே அளவு கூடியது. நிறுவனங்களின் கூட்டுத்தொகையும் உயர்ந்தது. இதை மட்டும் படிப்பவர், சந்தையிலுள்ள நிதிகள் பெல்லை விரும்பி வாங்கின என்றே எண்ணுவார். ஆனால் பரஸ்பர நிதி வரிசையைத் தாண்டிக் காப்பீட்டு நிறுவன வரிசைக்கு வந்தால் விவரம் தெரியும். வாங்கியது ஆயுள் காப்பீட்டுக் கழகம் (எல்.ஐ.சி.). அப்போது அது முழுவதும் அரசுக்கே சொந்தம். அரசின் வலக்கையிலிருந்து இடக்கைக்குப் பங்கு மாறியது என்று சொல்லலாம். எனினும் கொடுக்கப்பட்டது பாலிசிதாரர்களின் சேமிப்புப் பணம் என்பதை மறந்துவிடக் கூடாது.

எனவே பட்டியலைப் படிப்பவர் தலைப்போடு நிற்காமல், 1 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருப்போரின் பெயர்கள் வரை இறங்க வேண்டும். முந்தைய காலாண்டுப் பட்டியலை அருகில் வைத்து, எந்த வரிசை குறைந்தது, எந்த வரிசை கூடியது என்று பார்த்தால் பங்கு கைமாறிய தடம் தெரியும். 1 விழுக்காட்டுக்குக் குறைவாக வைத்திருக்கும் நிதியின் பெயர் வராது. அதன் பங்கு வரிசையின் கூட்டுத்தொகையில் கலந்திருக்கும்.

பெயர்களிலும் குழப்பம் உண்டு. எல்.ஐ.சி. காப்பீட்டு வரிசையில் வரும், எல்.ஐ.சி. மியூச்சுவல் ஃபண்ட் பரஸ்பர நிதி வரிசையில் வரும். வெளிநாடுவாழ் இந்தியர் வெளிநாட்டில் இருந்தாலும் வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்க்கப்படுவதில்லை. அவர்களுக்கு நிறுவனம் சாராதோர் பகுதியில் தனி வரிசை உண்டு. பழைய பட்டியல்களில் "வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர்" என்றிருந்த பெயர், 2014இல் செபி கொண்டுவந்த விதிகளுக்குப் பின் "வெளிநாட்டுப் போர்ட்ஃபோலியோ முதலீட்டாளர்" என்று மாறியது. ஆகவே அந்த ஆண்டையொட்டிய பட்டியல்களை ஒப்பிடும்போது ஒரு வரிசை மறைந்து இன்னொன்று முளைத்தால், யாரோ விற்றுவிட்டார்கள் என்று முடிவு கட்டக் கூடாது.